புக்னர் புனலில் நுண் வீழ்படிவு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வெற்றிட வடிகட்டல் மக்கர் செய்யும்போது பெரும்பாலோர் செய்வது இரண்டு: இன்னும் நுண்ணிய தாளைப் போடுவது, பம்பை இன்னும் பலமாக இழுக்க விடுவது. நுண்ணிய வீழ்படிவு விஷயத்தில் இரண்டுமே பல நேரம் நிலைமையை மோசமாக்கும். தாளையும் பம்பையும் விட வீழ்படிவு எப்படி உருவானது, புனலில் எப்படி அமர்ந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் எளிய காரணத்தில் தொடங்கி, நேரமும் பொருளும் செலவாகும் காரணத்தை நோக்கி நகர்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். இந்த முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

## எதையும் தொடுமுன்: உங்களுக்கு எது வேண்டும்?

தாளின் மேல் தங்கும் திடப்பொருள் வேண்டுமா, கீழே இறங்கும் வடிநீர் வேண்டுமா? வடிநீர்தான் வேண்டும், திடப்பொருள் குப்பைக்குப் போகிறது என்றால் செலைட் போன்ற வடிகட்டும் துணைப்பொருளைத் தாராளமாகச் சேர்க்கலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். திடப்பொருள்தான் வேண்டும் என்றால் துணைப்பொருளை மறந்துவிடுங்கள். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். அப்போது வீழ்படிவின் துகளைப் பெரிதாக்குவதுதான் வழி.

நடுவில் ஒரு நிலையும் உண்டு. வேண்டிய திடப்பொருள் ஏதாவது கரைப்பானில் கரையும், அடுத்த படியில் எப்படியும் கரைக்கத்தான் போகிறோம் என்றால் துணைப்பொருளோடு சேர்த்தே வடிகட்டிவிட்டு, அதே புனலில் சூடான கரைப்பானை ஊற்றிப் பொருளை மட்டும் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: இழுப்பே இல்லை

வடிதாள் நனைந்தும் புனலில் ஒட்டிப் பிடிக்கவில்லை, திரவம் தானாகச் சொட்டும் வேகத்திலேயே இறங்குகிறது. இது வீழ்படிவின் குற்றம் இல்லை. காற்று வேறு எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது.

பம்பிலிருந்து புனலை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து வாருங்கள். முதலில் குழாயைக் குடுவையிலிருந்து கழற்றி, பம்பை ஓடவிட்டு, குழாயின் வாயில் விரலை வையுங்கள். விரலை இழுக்கவில்லை என்றால் பிரச்சினை பம்பிலோ குழாயிலோ இருக்கிறது. மெல்லிய ரப்பர் குழாய் வெற்றிடத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் சரியாகத்தான் தெரியும், விரலால் அமுக்கிப் பார்த்தால்தான் புரியும். தடித்த சுவர் கொண்ட வெற்றிடக் குழாயே வேண்டும்.

விரலை நன்றாக இழுக்கிறதா? அப்படியானால் குழாயை மீண்டும் குடுவையில் மாட்டி, குடுவையின் வாயில் இருக்கும் ரப்பர் கூம்பின் மேல் புனல் இல்லாமலே உள்ளங்கையை ஒரு நொடி வையுங்கள். அங்கேயும் இழுத்தால் மிச்சம் இருப்பது புனலும் தாளும்தான். கூம்பு காய்ந்து போயிருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டு நனைத்தாலே பல நேரம் அடைத்துக்கொள்ளும்.

தாளின் அளவைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் கவனமாகப் பாருங்கள். தாள் எல்லாத் துளைகளையும் மூட வேண்டும். புனலின் பக்கச் சுவரில் ஏறக் கூடாது. ஓரம் ஒரு மில்லிமீட்டர் மடங்கி ஏறினாலும் அந்த மடிப்பின் வழியே காற்றும் துகளும் போகும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், காய்ந்த தாளைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பெரிதாக இருந்தால் கத்தரியால் நறுக்குவது குற்றமில்லை.

நீர் உறிஞ்சு பம்ப் என்றால் ஒரு வரம்பை நினைவில் வைக்கவும். அது தண்ணீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே போகாது. 20 டிகிரி செல்சியஸில் அது சுமார் 17.5 மி.மீ. பாதரசம், 30 டிகிரியில் சுமார் 32. வடிகட்டலுக்கு இதுவே தேவைக்கு மேல் போதும். குழாயில் தண்ணீர் அழுத்தம் விழுந்தால் மட்டும்தான் தொந்தரவு.

## அறிகுறி 2: வடிநீர் கலங்கி வருகிறது

எப்போது கலங்குகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### முதல் சிறிது நேரம் மட்டும் கலங்கி, பிறகு தெளிந்தால்

இது பழுதே இல்லை. தாளின் நார்களுக்கிடையே முதல் துகள்கள் அடைத்துக்கொண்டு, அவற்றின் மேல் படியும் கேக்தான் உண்மையான வடிகட்டியாக வேலை செய்கிறது. முதலில் வந்த பகுதியைத் தனிக் குடுவையில் எடுத்து, தெளிந்த பிறகு அதே கேக்கின் வழியே மறுபடி ஊற்றுங்கள். கேக்கைக் கலைக்காமல், ஒரு கண்ணாடிக் கோலில் வழிய விட்டு மெல்ல ஊற்ற வேண்டும்.

### கடைசி வரை கலங்கி வந்தால்

முதலில் தாள் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கலங்கல் ஒரு பக்கத் துளையிலிருந்து மட்டும் வருகிறது என்றால் ஓரம் தூக்கியிருக்கிறது. புதுத் தாளைக் கரைப்பானால் நனைத்து, இழுப்பைக் கொடுத்து ஒட்ட வைத்த பிறகுதான் கலவையை ஊற்ற வேண்டும். காய்ந்த தாளின் மேல் நேராக ஊற்றினால் தாள் மிதந்து, அடியில் துகள் நுழையும்.

தாள் சரி, ஆனாலும் கலங்குகிறது என்றால் வீழ்படிவின் துகள் தாளின் துளையைவிடச் சிறியது. இங்கேதான் தாளை மாற்றும் ஆசை வரும். அதற்கு முன் எளிய சோதனை ஒன்று: கலவையில் 10 மி.லி. எடுத்துச் சோதனைக் குழாயில் அசையாமல் வையுங்கள். மேலே தெளிவான திரவமும் கீழே வீழ்படிவும் பிரிகின்றனவா? பிரிந்தால் நடுத்தரத் தாளே பிடிக்கும். அரை மணி நேரம் கழித்தும் முழுக் குழாயும் பாலாகவே நின்றால் அது கிட்டத்தட்ட கூழ்மம். அதை இப்போது வடிகட்டக் கூடாது, முதலில் பழுக்க விட வேண்டும்.

பழுக்க விடுவது என்றால் வீழ்படிவை அதன் தாய்த்திரவத்திலேயே சூடாக வைத்திருப்பது. சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களின் மேல் படியும், கூழ்மத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பேரியம் சல்ஃபேட்டை 80–90 டிகிரியில் ஒரு மணி நேரமாவது வைத்தால், குளிரில் வேகமாக உண்டாக்கிய அதே பொருளோடு ஒப்பிட முடியாத அளவு மாறிவிடும். அடுத்த முறை செய்யும்போது இன்னும் முன்னாலிருந்தே தொடங்கலாம்: இரண்டு கரைசல்களும் நீர்த்தவையாக, சூடாக இருக்கட்டும், ஒன்றை மற்றொன்றில் கலக்கிக்கொண்டே மெல்லச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இதெல்லாம் செய்தும் தாண்டுகிறது என்றால் தாளை மாற்றுங்கள். வாட்மேன் வரிசையில் 1-ஆம் எண் தாள் சுமார் 11 மைக்ரான் வரை பிடிக்கும், 2-ஆம் எண் 8, 3-ஆம் எண் 6, 5-ஆம் எண் 2.5. 4-ஆம் எண் 20–25 மைக்ரான் துகளைப் பிடிக்கும் வேகமான தாள், கரடுமுரடான படிகத்துக்கு மட்டும். எண் கூடினால் நுண்மை கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. 4-ஐயும் 5-ஐயும் பார்த்தாலே தெரியும். 42-ஆம் எண்ணும் 2.5 மைக்ரான்தான். ஆனால் அது எரித்து எடைபோடும் வேலைக்கான சாம்பலற்ற தாள். வெறும் வடிகட்டலுக்கு அதைச் செலவழிப்பது வீண்.

நுண்மைக்கு விலை உண்டு. 5-ஆம் எண் தாளில் வெறும் தண்ணீரே 1-ஆம் எண்ணைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் 1-இலிருந்து நேராக 5-க்குத் தாவாமல், 2 அல்லது 3 போதுமா என்று சிறு புனலில் 25 மி.லி. விட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே போக வேண்டுமானால் கண்ணாடி இழைத் தாள் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவைப் பிடித்தும் அது வேகமாகவே இறக்கும், ஏனென்றால் துகள் அதன் மேல்பரப்பில் மட்டும் நிற்காமல் தடிமனுக்குள்ளும் பிடிபடுகிறது. ஆனால் திடப்பொருளைச் சுரண்டி எடுக்கும்போது இழைகள் கூடவே வரும். வடிநீர் வேண்டிய வேலைக்கே அது பொருத்தம்.

### தெளிவாக வந்துகொண்டிருந்தது, கழுவத் தொடங்கியதும் கலங்கினால்

தாள் கிழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். திரண்டிருந்த கூழ்மம் மறுபடி பிரிகிறது. துகள்களை ஒட்ட வைத்திருந்தது தாய்த்திரவத்தில் இருந்த உப்பு. தூய தண்ணீர் அந்த உப்பைக் கழுவியதும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாளைத் தாண்டிவிடுகின்றன. கழுவும் தண்ணீரில் உப்பு இருந்தால் இது நிற்கும். ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடுக்கு 1 விழுக்காடு அம்மோனியம் நைட்ரேட் கரைசல், சூடாக. சில்வர் குளோரைடுக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம். இரண்டுமே பிறகு சூட்டில் வெளியேறிவிடும் என்பதால் இந்தத் தேர்வு.

### குடுவையில் தெளிவாக இருந்து, பிறகு கலங்கினால்

கலங்கிய வடிநீரில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்குங்கள். தெளிந்தால் அது தப்பிவந்த துகள் இல்லை. குளிர்ந்ததாலோ, வெற்றிடத்தில் கரைப்பான் ஆவியாகிப் போனதாலோ புதிதாகப் படிந்த பொருள். புனலையும் குடுவையையும் முன்கூட்டியே சூடாக்கி, இழுப்பைக் குறைத்தால் சரியாகும். தெளியவில்லை என்றால் மேலே உள்ள பிரிவுக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 3: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டது

நுண் வீழ்படிவோடு மல்லுக்கட்டுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இழுப்பு இருக்கிறது, தாள் ஒட்டியிருக்கிறது, மேலே ஒரு அங்குலத் திரவம் அப்படியே நிற்கிறது.

முதலில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள். தட்டைக்கரண்டியின் ஓரத்தால் கேக்கின் மேல்பரப்பை மட்டும் மிக மென்மையாகக் கீறுங்கள். உடனே வேகம் திரும்பினால் மேல்பரப்பில் மெல்லிய வழுவழுப்பான தோல் படிந்திருக்கிறது. மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை வழித்து முகவைக்குத் திருப்பிவிட்டு, மீதியை ஓட விடலாம். கீறியும் மாற்றமில்லை என்றால் கேக் முழுதும் நசுங்கியிருக்கிறது, அல்லது தாளின் துளைகளே அடைபட்டிருக்கின்றன. சூடான கரைசல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: புனலின் தண்டிலும் துளைகளிலும் படிகம் வளர்ந்திருக்கும். சூடான கரைப்பானைச் சிறிது ஊற்றினால் கரைந்து வழிவிடும்.

இழுப்பைக் குறையுங்கள். இதற்குச் செலவே இல்லை, அதனால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். அலுமினியம், இரும்பு ஹைட்ராக்சைடுகள் போன்ற கொழகொழப்பான வீழ்படிவு அழுத்தினால் நசுங்கும். பலமாக இழுக்க இழுக்க, தாளை ஒட்டிய அடுக்கு ஈரத் தோலாக இறுகித் தண்ணீரையே விடாது. பம்புக்கும் வடிகட்டும் குடுவைக்கும் நடுவில் இருக்கும் ட்ராப் குடுவையின் வால்வைச் சற்றுத் திறந்து, திரவம் சீராகச் சொட்டும் அளவுக்கு மட்டும் இழுப்பை வையுங்கள். கேக் நன்றாகத் தடித்த பிறகு, கடைசியில் ஈரத்தை வாங்க மட்டும் முழு இழுப்பு.

தெளிந்ததை முதலில் ஊற்றுங்கள். முகவையைக் கலக்காமல் சாய்த்து வைத்து, மேலே உள்ள தெளிந்த திரவத்தை முதலில் இறக்குங்கள். அது தடையில்லாமல் போய்விடும். சேற்றைக் கடைசியில் கொட்டினால், அடைப்பு வரும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். எல்லாவற்றையும் கலக்கி ஒரே மூச்சில் கொட்டுபவர்கள் தங்களுக்குத் தாங்களே வேலை வைத்துக்கொள்கிறார்கள்.

சூடாக வடிகட்டுங்கள். தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1 மில்லிபாஸ்கல்–நொடி, 70 டிகிரியில் சுமார் 0.4. அதே கேக், அதே இழுப்பு, ஆனால் ஓட்டம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இழுப்பை மட்டும் அளவோடு வையுங்கள். 70 டிகிரித் தண்ணீர் சுமார் 234 மி.மீ. பாதரச அழுத்தத்திலேயே கொதிக்கும், வடிநீர் குடுவையில் பொங்கிப் பம்புக்குப் போய்விடும்.

இவை போதவில்லை, வடிநீர்தான் வேண்டும் என்றால் துணைப்பொருளை எடுக்கலாம்.

### துணைப்பொருள்: எது, எவ்வளவு, எங்கே

செலைட் என்பது டயட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடுகளால் ஆன மண். ஆய்வகத்தில் 545 என்ற வகை பரவலாகப் புழங்குகிறது, கரடானது, வேகமானது. பெர்லைட் எரிமலைக் கண்ணாடியைச் சுட்டுப் பொரித்தது. இரண்டும் சிலிக்கா சார்ந்தவை என்பதால் சூடான, அடர்ந்த காரத்தில் மெல்லக் கரையும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடு சேரவே கூடாது. அடர்ந்த காரக் கரைசலுக்கு செல்லுலோஸ் தூளே நல்லது.

துணைப்பொருளை இரண்டு இடத்தில் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று வருபவர்களே அதிகம். தாளின் மேல் போடும் அடிப்படுகை, துகள் தாளுக்குள் நுழைந்து அடைக்காமல் காக்கிறது. ஆனால் நுண் துகள் அந்தப் படுகையின் மேல்பரப்பையும் சில நிமிடத்தில் தோல் போட்டு மூடிவிடும். அதைத் தடுப்பது கலவையிலேயே சேர்க்கும் பங்கு. அது வீழ்படிவோடு சேர்ந்து படிந்து, கேக் வளர வளர உள்ளே வழிகளைத் திறந்தே வைக்கிறது. அடிப்படுகைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.05 முதல் 0.1 கிராம் வரை. கலவைக்கு வீழ்படிவின் எடைக்குச் சமமாகத் தொடங்கி, மெதுவாக இருந்தால் இரண்டு மடங்கு வரை ஏற்றலாம்.

அடிப்படுகையைக் காய்ந்த தூளாகத் தூவாதீர்கள். ஒரு பக்கம் மெலிந்து துளை விழும். அதே கரைப்பானில் கலந்து குழம்பாக்கி, மெல்லிய இழுப்பில் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். இறங்கும் திரவம் முதலில் மங்கலாக இருக்கும். தெளியும் வரை ஓடவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள். படுகையின் மேல் இன்னொரு தாளை வைத்துவிட்டால் கலவை விழும் வேகத்தில் பள்ளம் விழாது. முக்கியமானது ஒன்று: படுகை காய்ந்து வெடிப்பதற்குள், மேலே ஒரு மெல்லிய அடுக்குத் திரவம் இருக்கும்போதே கலவையை ஊற்றத் தொடங்க வேண்டும்.

### ஒரு முழு உதாரணம்: பெர்மாங்கனேட் சேறு

டொலுயீனை KMnO₄ கொண்டு ஆக்சிஜனேற்றி பென்சாயிக் அமிலம் செய்யும்போது, வேண்டிய பொருள் பொட்டாசியம் பென்சோயேட்டாகத் தண்ணீரில் கரைந்திருக்கும். கூடவே வருவது MnO₂ என்ற பழுப்புச் சேறு. புக்னர் புனலை நிறுத்துவதில் இதற்கு இணை குறைவு. 4.6 கிராம் டொலுயீனும் 16 கிராம் KMnO₄-உம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பெர்மாங்கனேட் முழுதும் குறைந்தால் சுமார் 8.8 கிராம் MnO₂ வரும்.

வடிகட்டுமுன் ஒரு சொட்டை வடிதாளில் வைத்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளியைச் சுற்றி ஊதா வளையம் விரிந்தால் பெர்மாங்கனேட் மிச்சம் இருக்கிறது. அப்படியே ஊற்றினால் அது தாளின் செல்லுலோஸையே ஆக்சிஜனேற்றித் தாளைப் பொத்தலாக்கும். சூடான கலவையில் எத்தனாலைச் சில சொட்டுகளாக, இடைவெளி விட்டுச் சேர்த்து, ஊதா போன பிறகு மறுபடி சொட்டுச் சோதனை செய்யுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கி வெளியே வரும். அருகில் தீச்சுடர் இருக்கக் கூடாது.

9 செ.மீ. புனல் என்றால் தட்டின் பரப்பு சுமார் 64 சதுர செ.மீ. அடியில் 1-ஆம் எண் தாள். அடிப்படுகைக்கு செலைட் 6 கிராம், 60–80 மி.லி. சூடான தண்ணீரில் குழம்பாக. கலவையில் MnO₂-வுக்குச் சமமாக 9 கிராம் செலைட்டைச் சேர்த்து, சில நிமிடம் சூட்டில் கலக்குங்கள். 5-ஆம் எண் தாள் இங்கே தேவையே இல்லை. நுண்மை படுகையிலிருந்து வருகிறது, தாளின் வேலை செலைட்டைத் தாங்குவது மட்டும்தான்.

மெல்லிய இழுப்பில், தெளிந்த பகுதியை முதலில், சேற்றைப் பின்னால் என்று 60–70 டிகிரியில் ஊற்றுங்கள். முதல் வடிநீர் பழுப்பாக வந்தால் திரும்ப மேலே விடுங்கள். முடிந்ததும் சூடான தண்ணீர் 20 மி.லி.யாக இரண்டு முறை கழுவுங்கள். கேக்கில் தங்கிய பென்சோயேட் கணிசமாகவே இருக்கும், கழுவாவிட்டால் விளைச்சல் குறையும்.

வடிநீர் நன்றாகத் தெளிந்திருந்தும் லேசான தேநீர் நிறத்தில் இருக்கலாம். அது கூழ்ம MnO₂. மறுபடி வடிகட்டுவது வீண் வேலை. அமிலமாக்கும் படியில் சிறிது சோடியம் பைசல்ஃபைட் சேர்த்தால் அது நிறமற்ற மாங்கனீசு(II) ஆகக் கரைந்துவிடும். சல்ஃபர் டை ஆக்சைடு வெளியேறும் என்பதால் புகைக் கூண்டுக்குள் மட்டும் செய்ய வேண்டும்.

அப்புறம், வடிகட்டலையே தவிர்க்கவும் வழி உண்டு. முழு MnO₂-வையும் அதே பைசல்ஃபைட்டால் கரைத்துவிடலாம். ஒரு மோலுக்கு ஒரு மோல் கணக்கில் 8.8 கிராமுக்கு சுமார் 10.5 கிராம் சோடியம் பைசல்ஃபைட்டும் போதிய அமிலமும் வேண்டும். சேறு மறைந்து, குளிர்ந்ததும் பென்சாயிக் அமிலம் பெரிய படிகமாகப் பிரியும். அதை எந்தத் தாளும் பிடிக்கும். வாயு கூடுதலாக வரும் என்பதுதான் இதன் விலை. புகைக் கூண்டு நன்றாக வேலை செய்யும் இடத்தில் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

## அறிகுறி 4: கேக்கில் விரிசல்

விரிசல் விழுந்ததும் காற்று அந்த வழியாகவே போகும். உஸ் என்ற சத்தம் கேட்கும், மீதிக் கேக் ஈரமாகவே நிற்கும். அதன் மேல் கழுவு திரவத்தை ஊற்றினால் அதுவும் விரிசல் வழியே இறங்கிவிடும். கழுவியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இழுப்பை நிறுத்தி, கண்ணாடி மூடியின் தட்டையான பக்கத்தால் கேக்கை அழுத்தி விரிசலை மூடுங்கள். பிறகு மெல்லிய இழுப்பு. கழுவும்போது ஒவ்வொரு முறையும் இழுப்பை நிறுத்தி, திரவத்தை ஊற்றி, கேக்கின் மேல்பகுதியைத் தட்டைக்கரண்டியால் மெல்லக் கலக்கி ஒரு நிமிடம் ஊற விட்டு, பிறகு இழுத்தால் குறைந்த கரைப்பானிலேயே நன்றாகக் கழுவப்படும். திரும்பத் திரும்ப வெடிக்கும் கேக்கின் மேல் மெல்லிய ரப்பர் தகட்டைப் புனலின் வாயில் கட்டினால், வெற்றிடம் அதைக் கீழே இழுத்து கேக்கை அழுத்தி வைக்கும்.

## அறிகுறி 5: தாள் கிழிகிறது

பெரும்பாலும் சுரண்டும்போது கிழியும். திடப்பொருள் வேண்டிய வேலையில் சாதாரணத் தாளுக்குப் பதில் கடினப்படுத்திய தாளை எடுங்கள். வாட்மேன் 50-ஆம் எண் 2.7 மைக்ரான் வரை பிடிக்கும். மேல்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் நார் உதிராமல் கேக் பெயர்ந்துவரும். ஆனால் மெதுவான தாள் அது, பொறுமை வேண்டும். வேகம் வேண்டுமானால் 54-ஆம் எண் இருக்கிறது; 20–25 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளுக்கு மட்டும்.

சுரண்டாமலே கிழிகிறது என்றால் வேதிப்பொருள்தான் காரணம்: அடர் அமிலம், அடர் காரம், பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றி. அமிலத்துக்கும் ஆக்சிஜனேற்றிக்கும் கண்ணாடி இழைத் தாள் அல்லது நுண்துளைக் கண்ணாடித் தட்டுள்ள புனல். காரத்தை முடிந்தவரை நீர்த்து, ஆற விட்டு வடிகட்டுங்கள்.

## அறிகுறி 6: குடுவைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது

நீர் உறிஞ்சு பம்பில் தண்ணீர் அழுத்தம் திடீரென்று விழுந்தால் அல்லது இழுப்பை விடுவிக்காமல் குழாயை மூடினால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். நடுவில் ட்ராப் குடுவை இருந்தால் அதோடு நிற்கும். நிறுத்தும்போது எப்போதும் முதலில் குடுவையிலிருந்து குழாயைக் கழற்றுங்கள் அல்லது வால்வைத் திறங்கள், அதன் பிறகே தண்ணீரை மூடுங்கள். இதற்கு வேறு சிகிச்சை கிடையாது.

## நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடங்கள்

குடுவையில் நட்சத்திர வடிவில் சிறு கீறல் தெரிந்தால் அதை ஒட்டவோ சோதித்துப் பார்க்கவோ வேண்டாம். வெற்றிடத்தில் உள்நோக்கி வெடிக்கும். அதை அப்புறப்படுத்துங்கள். தடித்த சுவர் கொண்ட வடிகட்டும் குடுவை இல்லாத இடத்தில் சாதாரணக் கூம்புக் குடுவையை மாற்றாக வைக்கவும் கூடாது.

எண்ணெய்ப் பம்பின் எண்ணெய் பாலாக மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துப் போயிருந்தால், ஓட்டத்தில் புதிய சத்தம் வந்தால், எண்ணெய் மாற்றிய பிறகும் இழுப்பு வரவில்லை என்றால், பிரித்துப் பார்க்காமல் பம்ப் பராமரிப்பு ஆளிடம் விடுங்கள். கரைப்பான் ஆவி போன எண்ணெயைச் சாதாரணக் கழிவில் ஊற்றக் கூடாது.

கரி மேல் படிந்த பல்லேடியம், ராநே நிக்கல் போன்ற வினையூக்கிகளை வடிகட்டுவது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. கேக் காய்ந்து காற்று பட்டதும் கரைப்பான் ஆவியோடு தீப்பிடிக்கும். அதைச் செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் புனலைத் தொடாதீர்கள். அவர் வரும் வரை கலவையை மந்த வாயுவின் கீழ், திரவத்திலேயே மூழ்கி இருக்க விடுங்கள்.

செலைட் வகைகளில் சூளையில் சுட்டவற்றில் படிக சிலிக்கா இருக்கும். ஈரத்தில் ஆபத்தில்லை, தூளாகப் பறக்கும்போதுதான் நுரையீரலுக்குக் கேடு. கிராம் கணக்கில் புகைக் கூண்டுக்குள் நிறுப்பது போதும். மூட்டை மூட்டையாகக் கொட்டும் வேலை என்றால், முகக்கவசமும் காற்று வெளியேற்றமும் என்ன வகை வேண்டும் என்பதை உங்கள் பாதுகாப்பு அலுவலர் தீர்மானிக்கட்டும். பழுக்க வைத்து, சூடாக்கி, துணைப்பொருளை இரண்டு இடத்திலும் போட்ட பிறகும் 25 மி.லி. மாதிரி நிற்கிறது என்றால் புக்னர் புனல் அந்தப் பொருளுக்கான கருவி இல்லை. மைய விலக்கு இயந்திரம் வைத்திருக்கும் ஆய்வகத்திடம் கேளுங்கள்.